புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையே

ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் உள்ள தூரம் ஒன்றே ஒன்றுதான். ஒரு புள்ளிக்கும் ஒரு நேர்க்கோட்டுக்கும் உள்ள தூரம் அப்படியல்ல. கோட்டின் மீது எண்ணற்ற புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெளியே இருக்கும் புள்ளியிலிருந்து ஒரு தூரத்தில் இருக்கிறது. அவற்றுள் எது மிகக் குறைவோ அதையே கணிதம் ‘புள்ளியிலிருந்து கோட்டுக்கு உள்ள தூரம்’ என்று கொள்கிறது. அந்தக் குறைந்த தூரம் கோட்டைச் செங்கோணத்தில் தொடும் வழியில்தான் கிடைக்கும். அதனால் அதற்குச் செங்குத்துத் தூரம் என்று பெயர். செங்குத்து வந்து கோட்டைத் தொடும் இடத்துக்குச் செங்குத்தின் அடி என்று பெயர்.

செங்குத்து வழியே ஏன் மிகக் குறைந்தது என்பதற்குப் பிதாகரஸ் தேற்றமே போதும். புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக இறங்கும் நீளம் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். செங்குத்தின் அடியிலிருந்து கோட்டின் மீதே 10 மீட்டர் தள்ளியுள்ள ஓர் இடத்துக்குப் புள்ளியிலிருந்து சாய்வாகச் சென்றால், அந்த வழி ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகிறது. கர்ணம் மற்ற இரு பக்கங்களையும் விட எப்போதும் நீளமானது. ஆகவே அடியிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தூரம் கூடுமே ஒழியக் குறையாது.

கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் ‘மூலங்கள்’ நூலின் முதல் புத்தகத்தில், கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளியிலிருந்து செங்குத்து வரையும் முறையை 12ஆம் கூற்றாக வைத்தார். அவருக்கு வேண்டியிருந்தவை அளவுகோலும் கவராயமும் மட்டுமே, எண்கள் தேவைப்படவில்லை. புள்ளிகளை எண் இணைகளாகவும் கோடுகளைச் சமன்பாடுகளாகவும் எழுதும் வழி 17ஆம் நூற்றாண்டில்தான் துலங்கியது. 1637இல் வெளிவந்த ரெனே டெக்கார்ட்டின் ‘வடிவியல்’ அதில் ஒரு மைல்கல். அதன் பிறகு செங்குத்தை வரையாமலே அதன் நீளத்தையும் அடியையும் கணக்கிட முடிந்தது.

இந்தக் கணக்கு நாள்தோறும் பயன்படும் இடங்களுள் ஒன்று நில அளவை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு புலத்துக்கும் உள்ள புலப்படம், அதாவது பேச்சு வழக்கில் எஃப்.எம்.பி., செங்குத்துத் தூரங்களால் ஆனது. புலத்தின் எதிரெதிர் மூலைக் கற்களை இணைத்து ஒரு நீண்ட அளவைக் கோடு பிடிக்கப்படும். மற்ற மூலைகள் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு செங்குத்துத் தூரத்தில் உள்ளன, செங்குத்தின் அடி கோட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மீட்டரில் விழுகிறது என்ற இரண்டு எண்களே குறிக்கப்படும். அந்தச் செங்குத்துத் தூரத்தை சர்வேயர்கள் ‘ஆஃப்செட்’ என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு புலத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டால், இரண்டு கேள்விகளுக்கும் முழு விடை கிடைக்கும்: தூரம் எவ்வளவு? செங்குத்துக் கோட்டின் சமன்பாடு என்ன?

நான்கு கற்கள் உள்ள ஒரு புலம்

புலத்துக்குத் தென்மேற்கே ஓர் இடத்தை ஆதிப்புள்ளியாகக் கொள்ளலாம். அங்கிருந்து கிழக்கே எத்தனை மீட்டர் என்பது x. வடக்கே எத்தனை மீட்டர் என்பது y. இந்தக் கணக்கின்படி புலத்தின் தென்மேற்குக் கல் (10, 20) என்ற இடத்திலும் வடகிழக்குக் கல் (90, 80) என்ற இடத்திலும் உள்ளன. வடமேற்குக் கல் (27, 64). தென்கிழக்குக் கல் (75, 50).

தென்மேற்குக் கல்லையும் வடகிழக்குக் கல்லையும் இணைப்பது அளவைக் கோடு. ஒரு கல்லிலிருந்து மற்றதற்குப் போக 80 மீட்டர் கிழக்கும் 60 மீட்டர் வடக்கும் நகர வேண்டும். கோட்டின் நீளம் 100 மீட்டர். கிழக்கே நகரும் ஒவ்வொரு மீட்டருக்கும் வடக்கே எவ்வளவு ஏறுகிறது என்பதே கோட்டின் சாய்வு. இங்கே அது 60/80, அதாவது 3/4.

கோட்டின் மீதுள்ள எந்தப் புள்ளிக்கும் தென்மேற்குக் கல்லிலிருந்து இதே சாய்வு இருந்தாக வேண்டும். அந்த நிபந்தனையை எழுதினால் கோட்டின் சமன்பாடு கிடைத்துவிடும்.

(y − 20)/(x − 10) = 3/4

குறுக்குப் பெருக்கல் செய்து எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால்:

3x − 4y + 50 = 0

இரண்டு கற்களின் எண்களையும் இதில் இட்டுப் பார்த்தால் சரிபார்ப்பு முடியும். தென்மேற்குக் கல்லுக்கு 30 − 80 + 50 என்பது பூஜ்யம். வடகிழக்குக் கல்லுக்கு 270 − 320 + 50 என்பதும் பூஜ்யம்.

செங்குத்துக் கோட்டின் சமன்பாடு

வடமேற்குக் கல்லிலிருந்து அளவைக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு வேண்டும். அதற்கு முதலில் அந்தக் கோட்டின் திசை தெரிய வேண்டும்.

அளவைக் கோட்டின் திசையைச் சிறிய எண்களில் சொன்னால், 4 மீட்டர் கிழக்கு, 3 மீட்டர் வடக்கு. இந்த நகர்வை அப்படியே இடப்பக்கமாக 90 பாகை திருப்பினால் என்ன ஆகும்? கிழக்கு நோக்கிய 4 மீட்டர், வடக்கு நோக்கிய 4 மீட்டராகும். வடக்கு நோக்கிய 3 மீட்டர், மேற்கு நோக்கிய 3 மீட்டராகும். ஆகவே செங்குத்துத் திசை என்பது 3 மீட்டர் மேற்கு, 4 மீட்டர் வடக்கு. மேற்கு என்பது கிழக்குக்கு எதிர் என்பதால் அதைக் குறை எண்ணாக எழுத வேண்டும். செங்குத்தின் சாய்வு 4/(−3), அதாவது −4/3.

செங்குத்துக் கோடுகளைப் பற்றிப் பள்ளியில் மனப்பாடமாகும் விதி இந்தத் திருப்பத்திலிருந்துதான் பிறக்கிறது. 90 பாகை திருப்பும்போது இரண்டு எண்களும் இடம் மாறுகின்றன. அவற்றுள் ஒன்றின் குறியும் மாறுகிறது. அதனால் 3/4 தலைகீழாகி 4/3 ஆகிறது. குறி மாறி −4/3 ஆகிறது. இரண்டு சாய்வுகளையும் பெருக்கினால் −1 வருகிறது. எந்தச் சாய்வில் தொடங்கினாலும் இப்படித்தான் வரும்.

இந்த இரண்டு மாற்றங்களுள் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிற்பது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. தலைகீழாக்கிக் குறியை மாற்ற மறந்தால் சாய்வு 4/3 ஆகும். அந்தக் கோடும் அளவைக் கோட்டைப் போலவே வடகிழக்காக ஏறும். இன்னும் செங்குத்தாக ஏறுமே தவிர அதற்குக் குறுக்கே போகாது. குறியை மட்டும் மாற்றினால் −3/4 வரும். அது அளவைக் கோட்டின் கண்ணாடிப் பிம்பம். பிழை நேர்ந்திருக்கிறதா என்று அறிய இரு சாய்வுகளையும் பெருக்கிப் பார்த்தால் போதும். −1 வராவிட்டால் கோடு செங்குத்தில்லை.

திசை தெரிந்துவிட்டது. கோடு வடமேற்குக் கல்லான (27, 64) வழியாகச் செல்ல வேண்டும். முன்பு செய்தது போலவே:

(y − 64)/(x − 27) = −4/3

இதைச் சுருக்கினால்:

4x + 3y − 300 = 0

அளவைக் கோட்டின் சமன்பாட்டுக்கு அருகில் இதை வைத்துப் பார்த்தால் ஒரு குறுக்குவழி கண்ணில் படும். அங்கே x, y ஆகியவற்றின் கெழுக்கள் 3, −4. இங்கே 4, 3. எண்கள் இடம் மாறியுள்ளன. ஒன்றின் குறி மாறியுள்ளது. பொதுவாகச் சொன்னால், ax + by + c = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தான கோடுகள் எல்லாம் bx − ay + k = 0 என்ற வடிவில் இருக்கும். k என்ற எண் மட்டும் திறந்து கிடக்கிறது. செங்குத்து எந்தப் புள்ளி வழியாகச் செல்ல வேண்டும் என்று சொன்னவுடன் அதுவும் முடிவாகிவிடும். நம் புலத்தில் வடமேற்குக் கல்லின் எண்களை 4x + 3y என்பதில் இட்டால் 108 + 192 = 300. அந்த 300தான் சமன்பாட்டில் வந்து அமர்ந்தது.

இந்தக் குறுக்குவழிக்கு இன்னொரு பயனும் உண்டு. நேர் வடக்காகச் செல்லும் கோட்டுக்குச் சாய்வு என்று ஓர் எண்ணே கிடையாது. கிழக்கே ஒரு மீட்டர் கூட நகராத கோட்டில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். x = 7 என்ற கோடு அப்படிப்பட்டது. சாய்வுகளின் பெருக்கல் −1 என்ற விதி அங்கே பயன்படாது. கெழுக்களை இடம் மாற்றும் விதியோ அங்கேயும் வேலை செய்யும்: x-இன் கெழு 1, y-இன் கெழு 0, மாற்றினால் y மட்டும் மிஞ்சும். ஆக, செங்குத்துகள் y = 4, y = 9 போன்ற கிழக்கு மேற்கான கோடுகள்.

வரைபடத்தாளில் இதைச் சரிபார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். x அச்சிலும் y அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால்தான் செங்குத்துக் கோடுகள் தாளில் செங்கோணமாகத் தெரியும். ஓர் அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 10 மீட்டர், மற்றதில் 1 சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் என்று எடுத்திருந்தால் சரியான சமன்பாடுகள் கூடச் சாய்வாக வெட்டிக்கொள்வது போல் தெரியும். கணக்கில் தவறில்லை, படம்தான் ஒரு பக்கமாக நசுங்கியிருக்கிறது.

அடியும் நீளமும்

செங்குத்தின் அடி இரண்டு கோடுகளுக்கும் பொதுவான புள்ளி. எனவே இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்.

3x − 4y = −50
4x + 3y = 300

முதலாவதை 3ஆலும் இரண்டாவதை 4ஆலும் பெருக்கிக் கூட்டினால் y நீங்கி 25x = 1050 வருகிறது. x = 42. அதை இரண்டாவதில் இட்டால் y = 44. செங்குத்தின் அடி (42, 44).

வடமேற்குக் கல்லிலிருந்து இந்த அடிக்கு 15 மீட்டர் கிழக்கும் 20 மீட்டர் தெற்கும் நகர வேண்டும். 225ஐயும் 400ஐயும் கூட்டினால் 625. அதன் வர்க்கமூலம் 25. செங்குத்துத் தூரம் 25 மீட்டர். தென்மேற்குக் கல்லிலிருந்து அடிக்கு 32 மீட்டர் கிழக்கு, 24 மீட்டர் வடக்கு. அதாவது 40 மீட்டர். புலப்படத்தில் வடமேற்குக் கல்லுக்கு எழுத வேண்டிய இரண்டு எண்கள் இவைதாம்: கோட்டில் 40ஆவது மீட்டர், ஆஃப்செட் 25 மீட்டர்.

அடியைத் தேடாமலே நீளம்

பல இடங்களில் அடி எங்கே என்பது தேவையில்லை. தூரம் மட்டும் போதும். அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. (x₁, y₁) என்ற புள்ளியிலிருந்து ax + by + c = 0 என்ற கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரம்:

|ax₁ + by₁ + c| / √(a² + b²)

நம் கல்லுக்கு இதைப் பயன்படுத்தினால், மேலே 3×27 − 4×64 + 50 = −125. கீழே √(9 + 16) = 5. குறியை விட்டுவிட்டு வகுத்தால் 25. முன்பு வந்த அதே விடை.

சூத்திரம் ஏன் இப்படி இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, 3x − 4y + 50 என்ற கோவையைச் சற்று வேறு விதமாகப் பார்க்க வேண்டும். புலத்தில் எங்கே நின்றாலும் அந்த இடத்தின் எண்களை இதில் இட்டால் ஒரு மதிப்பு வரும். கோட்டின் மீது நின்றால் மதிப்பு பூஜ்யம். வெளியே நின்றால் வேறு ஏதாவது. இனி, ஓரிடத்திலிருந்து கோட்டுக்கு இணையாக நடந்தால் என்ன ஆகும்? 4 மீட்டர் கிழக்கும் 3 மீட்டர் வடக்கும் சென்றால் 3x என்பது 12 கூடும்; 4y என்பதும் 12 கூடும்; கழித்தால் மாற்றமே இல்லை. கோட்டுக்கு இணையாக எவ்வளவு தூரம் நடந்தாலும் மதிப்பு அப்படியே இருக்கும்.

செங்குத்தாக நடந்தால் கதை வேறு. 3 மீட்டர் கிழக்கும் 4 மீட்டர் தெற்கும் சென்றால் 3x என்பது 9 கூடும். 4y என்பது 16 குறைவதால் கோவையின் மதிப்பு இன்னொரு 16 கூடும். மொத்தம் 25. நடந்த தூரமோ 5 மீட்டர். ஆக, செங்குத்துத் திசையில் ஒவ்வொரு மீட்டருக்கும் மதிப்பு சீராக 5 மாறுகிறது. வடமேற்குக் கல்லில் மதிப்பு −125. அது பூஜ்யமாக வேண்டுமென்றால் 125/5 = 25 மீட்டர் நடக்க வேண்டும். சூத்திரத்தின் கீழே இருக்கும் வர்க்கமூலம் இந்த ‘ஒரு மீட்டருக்கு எவ்வளவு’ என்ற விகிதமே.

இப்படிப் பார்த்தால், குறியில் ஒரு செய்தி இருப்பதும் புலப்படும். தென்கிழக்குக் கல்லான (75, 50)இன் மதிப்பு 225 − 200 + 50 = 75. தூரம் 15 மீட்டர், குறி மிகை. வடமேற்குக் கல்லின் குறி குறை. கோட்டுக்கு ஒரு பக்கமுள்ள இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே குறி; மறுபக்கம் எதிர்க்குறி. இரண்டு கற்கள் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் உள்ளனவா, எதிரெதிரே உள்ளனவா என்பதைப் படம் வரையாமலே சொல்லிவிடலாம். தூரம் மட்டும் கேட்டால்தான் குறியை நீக்க வேண்டும்.

சூத்திரத்தில் நேரும் பிழைகளும் இதே வழியில் தெளிவாகின்றன. கீழே உள்ள வர்க்கமூலத்தை மறந்தால் விடை 125 மீட்டர் என்று வரும். ஆனால் வடமேற்குக் கல்லிலிருந்து தென்மேற்குக் கல்லுக்கே சுமார் 47 மீட்டர்தான். கோட்டின் மீதுள்ள ஒரு புள்ளிக்கு 47 மீட்டர் என்றால், மிகக் குறைந்த தூரம் அதற்கு மேல் போக முடியாது. இன்னொரு சோதனையும் உண்டு. சமன்பாட்டை இரண்டால் பெருக்கி 6x − 8y + 100 = 0 என்று எழுதினாலும் அது அதே கோடுதான்; விடை மாறக் கூடாது. முறையாகச் செய்தால் 250/10, மீண்டும் 25. வகுக்காமல் விட்டவருக்கோ 125 இப்போது 250 ஆகிவிடும்.

கோடு y = (3/4)x + 12.5 என்ற வடிவில் தரப்பட்டிருந்தால் வேறொரு பிழை நேரலாம். x = 27 என்று இட்டால் கோட்டின் y 32.75. கல்லின் y 64. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 31.25ஐத் தூரம் என்று எழுதிவிடுவது எளிது. அது நேர் வடக்கு தெற்காக அளந்த இடைவெளி; செங்குத்துத் தூரம் அல்ல. சாய்ந்த கோட்டுக்கு இந்த இடைவெளி எப்போதும் செங்குத்துத் தூரத்தை விடக் கூடுதலாகவே இருக்கும். சூத்திரத்தில் இடும் முன் சமன்பாட்டின் எல்லா உறுப்புகளையும் ஒரு பக்கம் கொண்டுவருவதுதான் இதைத் தவிர்க்கும் வழி.

பரப்பளவு

இரண்டு ஆஃப்செட்டுகளும் கிடைத்தவுடன் புலத்தின் பரப்பு கையில் இருக்கிறது. அளவைக் கோடு புலத்தை இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. இரண்டுக்கும் அடிப்பக்கம் அதே 100 மீட்டர். உயரங்கள் 25, 15. பரப்பு:

½ × 100 × (25 + 15) = 2000 சதுர மீட்டர்

இது 20 ஏர். சென்ட் கணக்கில் ஏறத்தாழ 49.4. முக்கோணத்தின் உயரம் என்பதே ஓர் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு உள்ள செங்குத்துத் தூரம் என்பதால், ஆஃப்செட் எடுத்தவுடன் பெருக்கலைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. மீட்டர் வருவதற்கு முன் வழங்கிய 66 அடிச் சங்கிலியில் 100 லிங்குகள் இருந்தன. 1000 சதுர லிங்க் சேர்ந்தால் ஒரு சென்ட். லிங்கில் எடுத்த நீளத்தையும் ஆஃப்செட்டையும் பெருக்கிப் பாதியாக்கி, மூன்று இலக்கம் தள்ளினால் சென்ட் வந்துவிடும்.

தரையில் செங்குத்து எங்கே தவறுகிறது

தாளில் செங்குத்தின் அடி துல்லியமான ஒரு புள்ளி. தரையில் அதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. நீளம் எளிதில் கிடைத்துவிடுகிறது. அடியோ எளிதில் பிடிபடாது. காரணம் பிதாகரஸ் தேற்றத்திலேயே இருக்கிறது.

வடமேற்குக் கல்லில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அளவைக் கோட்டின் மேல் அங்குமிங்கும் அசைத்து, எங்கே அளவு மிகக் குறைகிறதோ அதை அடி என்று குறிப்பது பழைய வழக்கம். உண்மையான அடியிலிருந்து 1 மீட்டர் விலகினால் டேப் காட்டுவது 625 + 1 என்பதன் வர்க்கமூலம், அதாவது 25.02 மீட்டர். ஒரு மீட்டர் பிழைக்கு 2 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். 70 சென்டிமீட்டர் விலகினால் வித்தியாசம் 1 சென்டிமீட்டர். டேப் சற்றுத் தொய்ந்திருந்தாலே அந்த அளவு மறைந்துவிடும். குறைந்த அளவைத் தேடும் முறை நீளத்தை நன்றாகத் தருகிறது. அடியை முக்கால் மீட்டர் வரை தவற விடுகிறது.

கண் மதிப்பில் செங்குத்து பிடிக்கும்போது கோணம் 5 பாகை பிசகினால் விளைவு இன்னும் தெளிவாகும். 25 மீட்டருக்குப் பதில் டேப் ஏறத்தாழ 25.10 மீட்டர் காட்டும். அடியோ ஏறத்தாழ 2.19 மீட்டர் தள்ளி விழும். பரப்புக் கணக்கில் இந்தப் பிழை அநேகமாகத் தெரியாது: 1250 சதுர மீட்டருக்குப் பதில் 1255 வரும். ஆனால் 42.19ஆவது மீட்டர், ஆஃப்செட் 25.10 என்று குறித்ததை வைத்துப் படம் வரைந்தால் கல் இரண்டு மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பரப்பு ஒத்துப்போகிறது என்பதால் எல்லையும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்பு அளவு போதும். தென்மேற்குக் கல்லிலிருந்து வடமேற்குக் கல்லுக்கு நேராக டேப் பிடித்தால் 47.17 மீட்டர் இருக்கும். சரியான குறிப்பான 40, 25 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தாலும் அதேதான் வரும். பிழையான 42.19, 25.10 ஆகியவற்றிலிருந்து 49.09 வரும். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வேறுபாடு உடனே கண்ணில் படும்.

அடியைச் சரியாகப் பிடிக்க யூக்ளிட்டின் முறையே தரையில் நன்றாக வேலை செய்கிறது. தென்கிழக்குக் கல்லுக்கு ஆஃப்செட் 15 மீட்டர் என்று பார்த்தோம். அந்தக் கல்லில் டேப்பைப் பிடித்து 17 மீட்டர் நீளத்தில் வளைவாகச் சுழற்றினால், அது அளவைக் கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும். தென்மேற்குக் கல்லிலிருந்து அவை 62ஆவது மீட்டரிலும் 78ஆவது மீட்டரிலும் விழும். இரண்டுக்கும் நடு 70, அதுதான் அடி. இங்கே டேப் கோட்டைச் சாய்வாக வெட்டுவதால், நீளத்தில் 1 சென்டிமீட்டர் பிழை வந்தாலும் வெட்டும் இடம் சுமார் 2 சென்டிமீட்டரே நகரும். அதுவும் இரு பக்கமும் ஒரே அளவாக நகர்வதால் நடுப்புள்ளி அசையாது. முக்கால் மீட்டர் வரை தவறிய அடி இந்த முறையில் சில சென்டிமீட்டருக்குள் வந்துவிடும்.

கோட்டின் மீதுள்ள ஓர் இடத்திலிருந்து செங்குத்து எழுப்ப வேண்டுமானால் 3, 4, 5 என்ற பக்கங்களுள்ள முக்கோணம் உதவும். கொத்தனார்கள் அஸ்திவாரக் கயிறு கட்டும்போது மூலை மட்டம் பார்ப்பது இதை வைத்துத்தான். நீண்ட ஆஃப்செட்டுகளுக்குச் சிறிய முக்கோணம் போதாது. 3 மீட்டரில் நேரும் சிறு பிசகு 25 மீட்டரில் எட்டு மடங்காகப் பெருகும். அங்கே பக்கங்களை 9, 12, 15 என்று பெரிதாக எடுப்பது நல்லது.

கோடு எங்கே முடிகிறது

சூத்திரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அது இரு திசையிலும் முடிவின்றி நீளும் கோட்டுக்கு உரியது. தரையில் இருக்கும் வேலி, சுவர், குழாய் எல்லாம் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிகின்றன.

நம் அளவைக் கோட்டின் மீது ஒரு சுவர் எழுப்பி, அது இரண்டு கற்களுக்கும் இடையே மட்டும் இருப்பதாகக் கொள்ளலாம். (110, 70) என்ற இடத்தில் ஒரு கிணறு. சூத்திரத்தில் இட்டால் 330 − 280 + 50 = 100; ஐந்தால் வகுத்தால் 20 மீட்டர். ஆனால் செங்குத்தின் அடி தென்மேற்குக் கல்லிலிருந்து 110ஆவது மீட்டரில் விழுகிறது. சுவரோ 100ஆவது மீட்டரிலேயே முடிந்துவிட்டது. கிணற்றிலிருந்து 20 மீட்டரில் இருப்பது வெறும் நிலம். சுவருக்கு உள்ள உண்மையான குறைந்த தூரம், அதன் முனையான வடகிழக்குக் கல்லுக்கு உள்ள தூரமே: கிடைமட்டத்தில் 20, நெடுக்கில் 10, ஏறத்தாழ 22.36 மீட்டர்.

இதை அறிய அடி எத்தனையாவது மீட்டரில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். கிணறு தென்மேற்குக் கல்லிலிருந்து 100 மீட்டர் கிழக்கிலும் 50 மீட்டர் வடக்கிலும் உள்ளது. கோட்டின் வழியே ஒரு மீட்டர் நடந்தால் 0.8 மீட்டர் கிழக்கும் 0.6 மீட்டர் வடக்கும் நகர்கிறோம். 100ஐ 0.8ஆலும் 50ஐ 0.6ஆலும் பெருக்கிக் கூட்டினால் 80 + 30 = 110. இந்த எண் பூஜ்யத்துக்கும் கோட்டின் நீளத்துக்கும் இடையே இருந்தால் செங்குத்துத் தூரமே விடை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் தொடக்க முனைக்கு உள்ள தூரம் விடை. நீளத்தைத் தாண்டினால் கடைசி முனைக்கு உள்ள தூரம் விடை. வடமேற்குக் கல்லுக்கு இதே கணக்கைச் செய்தால் 17 × 0.8 + 44 × 0.6 = 40 என்று வரும். அது சுவரின் நீளத்துக்குள் அடங்குவதால் அங்கே 25 மீட்டர் என்ற விடை அப்படியே நிற்கிறது.